மார்பின் மாத்திரை வீட்டுக்கு வந்த பிறகு: ஒரு நோட்டும் ஒரு கடிகாரமும்

வீடு வீடாகப் போய்ப் புற்றுநோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் நான். பையில் பிபி கருவி, கையுறை, வாஸ்லின், பஞ்சு எல்லாம் இருக்கும். அவற்றோடு 40 பக்கப் பள்ளிக்கூட நோட்டு நாலைந்தும் எப்போதும் இருக்கும். கடும் வலிக்கு மார்பின் மாத்திரை தொடங்குகிற வீட்டில் ஒரு நோட்டை விட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். இந்த வழிகாட்டி பெரும்பாலும் அப்படிப்பட்ட ஒரு நோட்டைப் பற்றியது.

அந்த நோட்டு 54 வயது அம்மா ஒருவருடையது. கர்ப்பப்பை வாய்ப் புற்று இடுப்பெலும்புப் பக்கம் பரவியிருந்தது. பூக்கட்டிப் பிழைத்தவர். கவனித்துக்கொண்டது மருமகள், தினமும் எழுதியதும் அவள்தான். இதில் வரும் அளவுகள் அந்த அம்மாவுக்கு, அவருடைய சிறுநீரகம் வேலை செய்த விதத்தைப் பார்த்து, டாக்டர் எழுதிக் கொடுத்தவை. உங்கள் வீட்டுச் சீட்டில் இருப்பது வேறாக இருக்கும், அதைத்தான் பின்பற்ற வேண்டும். கணக்கு போடும் முறை எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதால் இந்த நோட்டை விரித்துக் காட்டுகிறேன்.

மாத்திரையும் சீட்டும்

மார்பின் எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபின் மருத்துவமனைகளே இதை வாங்கி வைக்கத் தயங்கின. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, மார்பின் உட்பட சில வலி மருந்துகள் அத்தியாவசிய மருந்துகளாகத் தனியே வகைப்படுத்தப்பட்டன. இப்போது அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளும் வலி நிவாரண மையங்களும் டாக்டரின் சீட்டுக்குத் தருகின்றன. கணக்கு வைத்துத்தான் தருவார்கள். அடுத்த முறை வாங்கப் போகும்போது சீட்டு, நோட்டு, மீதி மாத்திரை மூன்றையும் எடுத்துப் போங்கள். வெளியூர் போனாலும் சீட்டு கூடவே இருக்கட்டும்.

இரண்டு வகை உண்டு. சாதாரண மாத்திரை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கும், சுமார் நாலு மணி நேரம் நிற்கும். இன்னொன்று மெதுவாகக் கரையும் மாத்திரை, 12 மணி நேரம் நிற்கும். பெட்டியில் எந்த வகை என்று போட்டிருக்கும், புரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மெதுவாகக் கரைவதை உடைக்கவோ, இடிக்கவோ, மெல்லவோ கூடாது. அப்படிச் செய்தால் 12 மணி நேர மருந்தும் ஒரே நேரத்தில் உடம்புக்குள் இறங்கிவிடும். விழுங்க முடியவில்லை என்று கஞ்சியில் பொடித்துக் கலந்த வீடு ஒன்றை எனக்குத் தெரியும். நல்லவேளை, அந்த நேரம் பார்த்து நான் போய்ச் சேர்ந்தேன். விழுங்க முடியாதவருக்குச் சாதாரண மாத்திரையைப் பொடித்துத் தரலாம், ஆனால் வகையை மாற்றுவது டாக்டர் சொல்லித்தான்.

கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பது

நாங்கள் போனபோது அந்த அம்மா டிரமடால் என்ற வலி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அதுவும் வலி தாங்காதபோது மட்டும். மடியில் தலையணையை அழுத்திக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் பாதி உட்கார்ந்து பாதி சாய்ந்திருந்தார். "தாங்கவே முடியாத வலி பத்து ரூபாய்னா இப்ப எத்தனை ரூபாய்ம்மா?" என்று கேட்டேன். "எட்டு, எட்டரை இருக்கும் தாயி" என்றார். பத்து வரை எண்ணிப் பழகிய யாரும் இந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்வார்கள். நோட்டில் அந்த ரூபாயைத்தான் எழுத வேண்டும்.

டாக்டர் டிரமடாலை நிறுத்தச் சொன்னார். 10 மி.கி. சாதாரண மார்பினில் பாதி, அதாவது 5 மி.கி., நாலு மணிக்கொரு முறை என்று எழுதினார். காலை 6, 10, மதியம் 2, மாலை 6 ஆகிய வேளைகளில் பாதி. இரவு 10 மணிக்கு மட்டும் ஒரு முழு மாத்திரை, இரண்டு வேளைக்குச் சேர்த்து. அப்படிக் கொடுத்தால் நடு ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் எழுந்திருக்க வேண்டாம். ஒரு நாள் மொத்தம் 30 மி.கி., மூன்று மாத்திரை. பாரசிட்டமாலை நிறுத்தவில்லை, அது தனி வழியில் உதவுகிறது.

வயது அதிகமானவர், மிகவும் மெலிந்தவர், சிறுநீரகம் பழுதானவர் என்றால் இதைவிடக் குறைவாக, இதைவிட இடைவெளி விட்டுத் தொடங்குவார்கள். அதனால் பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டைப் பார்த்துக் கொடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

வீடுகளில் முதலில் தடுமாறுவது இங்கேதான். வலி இல்லாத நேரத்தில் எதற்கு மாத்திரை என்று பத்து மணி வேளையைத் தள்ளிப்போடுவார்கள். பன்னிரண்டு மணிக்கு வலி எட்டு ரூபாயில் வந்து நிற்கும். அப்போது கொடுத்தால் அது வேலை செய்ய ஒரு மணி நேரமாகும், அதற்குள் அழுகை, பயம், எல்லோருக்கும் பதற்றம். ஏறிய வலியை இறக்க அதிக மருந்து தேவைப்படும், ஏறவிடாமல் பிடித்து வைக்கக் குறைவான மருந்தே போதும். வலி இல்லாததே முந்தின மாத்திரையின் வேலைதான். செல்போனில் ஐந்து அலாரம் வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் அன்று கிளம்பினேன்.

ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் அந்த ஒரு வேளையை மட்டும் கொடுங்கள். விட்டதையும் அடுத்ததையும் சேர்த்து இரண்டாகக் கொடுக்காதீர்கள்.

எக்ஸ்ட்ரா மாத்திரை

நேரப்படி கொடுத்தும் நடுவில் வலி குத்திக்கொண்டு வரும். அதற்காகச் சீட்டில் தனியாக ஒரு வரி இருக்கும், வீடுகளில் அதை எக்ஸ்ட்ரா மாத்திரை என்பார்கள். அதன் அளவு பொதுவாக ஒரு நாள் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு. 30இல் ஆறில் ஒரு பங்கு 5, ஆகவே அந்த அம்மாவுக்கு எக்ஸ்ட்ராவும் பாதி மாத்திரைதான். ஒரு எக்ஸ்ட்ராவுக்கும் அடுத்த எக்ஸ்ட்ராவுக்கும் குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி விடச் சொல்லியிருந்தார் டாக்டர்.

ஒன்பது மணிக்கு எக்ஸ்ட்ரா கொடுத்தால் பத்து மணி வேளையை விட்டுவிடலாமா என்று மருமகள் போனில் கேட்டாள். விடக்கூடாது. ஆள் தெளிவாக இருந்தால் பத்து மணி மாத்திரை பத்து மணிக்குத்தான். எக்ஸ்ட்ராவால் வழக்கமான வேளைகள் நகர ஆரம்பித்தால் இரண்டு நாளில் நோட்டும் குழம்பும், வலியும் குழம்பும்.

நோட்டில் ஒவ்வொரு வரியிலும் நேரம், கொடுப்பதற்கு முன் எத்தனை ரூபாய், எவ்வளவு கொடுத்தது, ஒரு மணி நேரம் கழித்து எத்தனை ரூபாய் என்று எழுதச் சொன்னேன். கடைசிக் கட்டத்தில் வெளிக்குப் போனாரா, எப்படித் தூங்குகிறார் என்று இரண்டு சொல். மருமகள் எட்டாவது வரை படித்தவள். அவள் எழுதியதைவிடத் துல்லியமான நோட்டைப் பெரிய ஆஸ்பத்திரி வார்டிலும் நான் அதிகம் பார்த்ததில்லை.

அளவைக் கூட்டும் கணக்கு

மூன்றாம் நாள் பக்கம் இப்படி இருந்தது. வழக்கமான வேளைகளில் 30 மி.கி. எக்ஸ்ட்ரா நாலு முறை: காலை 9, மதியம் 1, மாலை 5, இரவு 9. ஒவ்வொரு முறையும் கொடுப்பதற்கு முன் ஆறு ரூபாய், ஒரு மணி நேரம் கழித்து மூன்று.

எத்தனை முறை என்பதைவிட எந்த நேரம் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நாலுமே அடுத்த வேளைக்குச் சரியாக ஒரு மணி நேரம் முன்பு. மருந்து வேலை செய்கிறது, கொடுத்தால் வலி பாதியாகிறது, ஆனால் நாலு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் அளவுக்கு இல்லை. பார்த்தவுடனே அளவு போதவில்லை என்று சொல்லிவிடலாம்.

அன்று உள்ளே போனது 30 + 20, ஆக 50 மி.கி. ஆறால் வகுத்தால் ஒரு வேளைக்கு 8 மி.கி.க்குச் சற்று மேல். மாத்திரையை அப்படித் துல்லியமாக உடைக்க முடியாது. அந்த அம்மா கூப்பிட்டால் உடனே கண் திறக்கிறார், மூச்சு சீராக இருக்கிறது, தூக்கக் கலக்கம் குறைந்துகொண்டிருக்கிறது என்பதை எல்லாம் கேட்டுவிட்டு டாக்டர் 10 மி.கி.யாக ஆக்கினார். நாலு வேளை ஒரு மாத்திரை, இரவு இரண்டு. மொத்தம் 60. பாதி மாத்திரை முழு மாத்திரையானது பெரிய ஏற்றம்போலத் தெரியும். ஆனால் முந்தின நாளே அவர் 50 சாப்பிட்டிருந்தார், உண்மையில் கூடியது 10தான்.

வழக்கமான அளவு கூடினால் எக்ஸ்ட்ராவும் கூட வேண்டும். இதைத்தான் நிறைய வீடுகளில் மறந்துவிடுகிறார்கள். 60இல் ஆறில் ஒரு பங்கு 10. பழைய 5 மி.கி.யையே எக்ஸ்ட்ராவாகக் கொடுத்துக்கொண்டிருந்தால் அது எதற்கும் பற்றாது, மருந்து கேட்கவில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

ஐந்தாம் நாள் வலி மூன்று ரூபாய்க்கு இறங்கியது. எக்ஸ்ட்ரா ஒன்றே ஒன்று, காலை குளிப்பாட்டும்போது. அதற்காக நாள் முழுக்க அளவைக் கூட்டத் தேவையில்லை. அசைந்தால் மட்டும் வரும் வலிக்கு, அசைப்பதற்கு அரை மணி, முக்கால் மணி நேரம் முன்பே எக்ஸ்ட்ராவைக் கொடுத்துவிட வேண்டும். குளியலறைக்குத் தூக்கிப் போவது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, ஸ்கேனுக்கு ஆட்டோவில் ஏற்றுவது எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

மூன்றாவது ஒரு வகையும் உண்டு. எக்ஸ்ட்ரா கொடுத்து ஒரு மணி நேரம் ஆகியும் ரூபாய் இறங்கவே இல்லை, கேட்டால் எரியுது, கரண்ட் அடிக்கிற மாதிரி காலுக்கு இறங்குது என்கிறார். அது நரம்பு வலி. அங்கே மார்பினைக் கூட்டிக்கொண்டே போனால் தூக்கம்தான் கூடும். கபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்ற வேறு மருந்து சேர்க்க வேண்டியிருக்கும். எலும்பில் ஓர் இடத்தில் குறிப்பாக வலித்தால் சில நாள் கதிர்வீச்சு சிகிச்சை மாத்திரையைவிட நன்றாக உதவலாம். நோட்டைப் பார்த்தால் டாக்டர் இதைச் சொல்லிவிடுவார். "வலி இருக்கு சார்" என்று மட்டும் போனில் சொன்னால் அவரால் என்ன செய்ய முடியும்?

வலி அடங்கி இரண்டு வாரம் ஒரே அளவில் நின்றதும், மெதுவாகக் கரையும் 30 மி.கி. மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று என மாற்றினார்கள். அதே 60தான். பாக்கெட்டிலிருந்த 10 மி.கி. சாதாரண மாத்திரை எக்ஸ்ட்ராவுக்கு மட்டும் என்று ஆனது. அலாரம் ஐந்திலிருந்து இரண்டாகக் குறைந்ததில் மருமகளுக்குத்தான் பெரிய நிம்மதி.

"போதை மாத்திரை கொடுத்துப் பழக்குறீங்களா?"

இந்தக் கேள்வியைக் கேட்டவர் அந்த அம்மாவின் தம்பி. ஊரிலிருந்து பார்க்க வந்தவர், சீட்டைப் படித்துவிட்டு வாசலிலேயே என்னை நிறுத்திக் கேட்டார். அக்கா மேல் உயிராக இருப்பவர், கோபத்தில் தப்பே இல்லை. அவர் போன மறுநாள் நோட்டில் இரண்டு வேளை காலியாக இருந்தது. அந்த அம்மாவே மாத்திரையைத் தலையணை உறைக்குள் வைத்துவிட்டு, சாப்பிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். ஒன்பது ரூபாய் வலியோடு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார்.

நாம் பழக்கம் என்று ஒரே சொல்லால் சொல்வதில் மூன்று வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. அவரை உட்கார வைத்து இதைத்தான் பிரித்துச் சொன்னேன்.

முதலாவது, உடம்பு மருந்துக்கு ஈடுகொடுத்துக்கொள்வது. சில வாரங்களில் அதே அளவு கொஞ்சம் குறைவாக வேலை செய்யலாம். ஆனால் புற்றுநோயில் அளவு கூடுவதற்குப் பெரும்பாலும் காரணம் நோய் வளர்வதுதான். மார்பினுக்கு இத்தனை மி.கி.யோடு முடிந்தது என்ற எல்லைக்கோடு கிடையாது, படிப்படியாகக் கூட்டலாம். அதனால் இப்போதே கொடுத்துவிட்டால் கடைசியில் கேட்காது என்று பொத்தி வைக்கத் தேவையில்லை. மார்பின் எழுதினால் நாள் எண்ணுகிறார்கள் என்றும் அர்த்தமில்லை. வலி எவ்வளவு என்பதைப் பார்த்துத்தான் தொடங்குகிறார்கள். சிகிச்சை நடக்கும்போதே சாப்பிட்டு, கட்டி சுருங்கி வலி போனபின் நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, திடீரென்று நிறுத்தினால் உடம்பு எதிர்ப்பு காட்டுவது. சில வாரம் தொடர்ந்து சாப்பிட்ட யாருக்கும் வரும். வியர்வை, மூக்கொழுகல், அடிக்கடி கொட்டாவி, வயிற்றைப் பிடித்து இழுத்து பேதி, தூக்கமின்மை. ஸ்டீராய்டு மாத்திரையையும் இப்படித்தான் சட்டென்று நிறுத்தக்கூடாது, அதற்காக அதைப் போதை என்று யாரும் சொல்வதில்லை. வலி குறைந்துவிட்டால் டாக்டர் சொல்கிறபடி சில நாட்களில் படிப்படியாக இறக்கினால் இந்தத் தொந்தரவு வராது. மாத்திரை தீரும் நாள் வரை காத்திருக்காமல் நாலைந்து நாள் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வதும் இதற்காகத்தான்.

மூன்றாவதுதான் அடிமையாதல். வலிக்காக இல்லாமல் மருந்துக்காக மருந்தைத் தேடுவது, கெடுதல் வருகிறது என்று தெரிந்தும் நிறுத்த முடியாமல் போவது. வலிக்காக டாக்டர் மேற்பார்வையில் சாப்பிடும் புற்றுநோயாளிகளிடம் இது அரிது. அரிது என்றுதான் சொல்கிறேன், கிடையவே கிடையாது என்று சொல்லவில்லை. முன்பு குடிக்கோ வேறு போதைக்கோ அடிமையாக இருந்தவர் என்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்காக அவருக்கு மார்பின் மறுக்கப்படாது, கொஞ்சம் கொஞ்சமாகத் தருவார்கள், அடிக்கடி பார்ப்பார்கள்.

எனக்கு மனது கேட்காத ஒன்று இருக்கிறது. நேரத்துக்கு முன்பே மாத்திரை கேட்கிறார், கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று வீட்டார் கிசுகிசுப்பார்கள். அளவு போதாத ஆள் வேறு எப்படி இருப்பார்? அந்த மூன்றாம் நாள் பக்கத்தில் ஒன்பது, ஒன்று, ஐந்து, ஒன்பது என்று கேட்டதும் அதேதான். அளவு சரியானதும் அந்த அம்மா கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார், மடியில் மறுபடி பூக்கூடை வந்தது. தம்பி அடுத்த முறை வந்தபோது அவர் கையாலேயே இரவு மாத்திரையைக் கொடுத்தார்.

வீட்டில் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. இந்த மாத்திரை குழந்தைகள் கையிலோ, குடிப்பழக்கம் உள்ள வேறு ஆள் கையிலோ கிடைத்தால் உயிருக்கே ஆபத்து. பூட்டு உள்ள பெட்டி, ஒரே ஆளிடம் சாவி, நோட்டின் கடைசிப் பக்கத்தில் தினமும் மாத்திரை எண்ணிக்கை.

மலச்சிக்கல்

குமட்டல் முதல் வாரத்தில் சிலருக்கு வரும், டாக்டர் தரும் மாத்திரையால் அடங்கி அதோடு போய்விடும். தூக்கமும் குறைந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் மார்பின் சாப்பிடுகிற கடைசி நாள் வரை கூடவே இருக்கும், உடம்பு அதற்குப் பழகுவதே இல்லை. மூளையில் வலியை அடக்குவதுபோலவே குடல் சுவரிலும் மார்பின் வேலை செய்கிறது. குடல் அசைவது மெதுவாகிறது, மலம் அங்கேயே தங்கித் தண்ணீரெல்லாம் உறிஞ்சப்பட்டுக் கட்டியாகிறது. பப்பாளி, வாழைப்பழம், கீரை எல்லாம் நல்லதுதான், ஆனால் அசையாத குடலை அவற்றால் அசைக்க முடியாது.

ஆகவே மலமிளக்கி மார்பினோடு அதே நாளில் தொடங்க வேண்டும். மார்பின் எழுதிய சீட்டில் மலமிளக்கி இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். குடலைத் தூண்டும் மருந்து கட்டாயம் வேண்டும், மலத்தை இளக்குவது தேவைப்பட்டால் கூடச் சேரும். அந்த அம்மாவுக்கு பிசகோடில் 5 மி.கி. மாத்திரை இரவு இரண்டு, கூடவே லாக்டுலோஸ் சிரப் 15 மி.லி. மார்பின் கூடும்போது இதையும் கூட்ட வேண்டியிருக்கும். இசப்கோல் வேண்டாம். அது நிறையத் தண்ணீர் குடிப்பவருக்கானது. இரண்டு டம்ளர் தண்ணீரே முழுசாகக் குடிக்காதவரின் குடலில் அது களியாகி அடைத்துக்கொள்ளும். மெக்னீசியம் கலந்த வெள்ளைச் சிரப்பைச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

காலையில் சூடாக ஏதாவது குடித்த அரை மணி நேரத்தில் குடல் தானே கொஞ்சம் அசையும். அந்த நேரத்தில் உட்கார வைத்தால் பாதி வேலை முடியும். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கடியில் ஒரு சின்ன முக்காலி போடுங்கள், முழங்கால் இடுப்பைவிட உயரட்டும்.

எங்கள் நோட்டில் ஒன்பதாம் நாள் ஒரு தப்பு நடந்தது. நாலு நாளாக "போகவில்லை" என்று எழுதியிருந்த மருமகள், ஒன்பதாம் நாள் "தண்ணியா நாலு தடவை" என்று எழுதி, பேதி என்று நினைத்து மலமிளக்கியை நிறுத்திவிட்டாள். நான் போனபோது வயிறு உப்பியிருந்தது, சாப்பாட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பினார். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, கையுறையில் வாஸ்லின் தடவி விரலால் பார்த்தேன். ஆசனவாயில் கூழாங்கல்போல மலம் அடைத்திருந்தது. அதைச் சுற்றிக்கொண்டுதான் மேலேயிருந்து தண்ணீர் மட்டும் கசிந்திருக்கிறது. எண்ணெய் எனிமா வைத்து இளக்கி, எக்ஸ்ட்ரா மாத்திரை ஒன்று கொடுத்து அரை மணி நேரம் கழித்து மெதுவாக எடுக்க வேண்டியிருந்தது. பாவம், அந்த அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதனால் மூன்றாம் நாளும் போகவில்லையென்றால் போன் செய்துவிடுங்கள். பல நாள் போகாமல் இருந்து திடீரென்று தண்ணீராகப் போனால் அது பேதியாக இருக்காது. இடுப்புப் பகுதியில் கட்டியோ கதிர்வீச்சோ இருந்தவர்களுக்கு நீங்களாக வீட்டில் எனிமா வைக்க முயலாதீர்கள், ரத்தம் கசியலாம். வயிறு உப்பி, காற்றும் பிரியாமல், முறுக்கி வலித்து, வாந்தியும் வந்தால் குடல் அடைப்பாக இருக்கலாம். அப்போது மலமிளக்கியையும் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தூக்கம்: எது சரி, எது ஆபத்து

தொடங்கிய முதல் மூன்று நாலு நாளும், அளவைக் கூட்டிய ஓரிரு நாளும் தூக்கம் தூக்கமாக வரும். அதில் பாதி மருந்து, மீதி வாரக்கணக்கில் தூங்காத உடம்பு ஈடு கட்டுவது. இரண்டாம் நாள் மதியம் "சிஸ்டர், அத்தை எந்திரிக்கவே மாட்டேங்குறாங்க, பயமா இருக்கு" என்று மருமகள் அழைத்தாள். தோளைத் தொட்டுக் கூப்பிடச் சொன்னேன். "என்னடி?" என்று அந்த அம்மா முனகியது எனக்கே போனில் கேட்டது. தொட்டுக் கூப்பிட்டால் விழித்து, கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு மறுபடி தூங்கினால் அது நல்ல தூக்கம்.

அடுத்து மூச்சை எண்ணக் கற்றுக்கொடுத்தேன். தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒன்றாக வைத்து, முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 12க்கு மேல் இருந்தால் கவலையில்லை. 8க்கும் 12க்கும் நடுவில் வந்து, எழுப்பவும் சிரமமாக இருந்தால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே அழையுங்கள். 8க்குக் கீழே போய், தட்டி எழுப்பியும் விழிக்கவில்லை, கண்ணின் பாப்பா குண்டூசி முனைபோலச் சுருங்கியிருக்கிறது என்றால் 108ஐக் கூப்பிடுங்கள், மார்பின் சாப்பிடுபவர் என்று முதலிலேயே சொல்லுங்கள். சரியான அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டியவர்களிடம் இப்படி நடப்பது மிக அபூர்வம். நடந்த இடங்களில் தூக்க மாத்திரையோ சாராயமோ கூடச் சேர்ந்திருக்கும், அல்லது மாத்திரை இடித்துக் கொடுக்கப்பட்டிருக்கும், அல்லது சிறுநீரகம் கைவிட்டிருக்கும்.

அந்தக் கடைசிக் காரணம் எங்கள் நோட்டிலேயே வந்தது. இரண்டு மாதம் நன்றாகப் போன பக்கங்களுக்குப் பிறகு, அளவு எதுவும் மாறாமலே, "பகல்லயும் தூக்கம்" என்று ஒரு வரி. மறுநாள் "கை வெடுக் வெடுக்குனு இழுக்குது". அதற்கு மறுநாள் "சுவத்துல எறும்பு போகுதுங்குறாங்க, ஒண்ணும் இல்ல". பக்கத்திலேயே "ஒண்ணுக்கு காலையிலேர்ந்து ஒரு தடவைதான்". நாலு வரியையும் சேர்த்து வாசித்தால் வேறு பரிசோதனை இல்லாமலே ஏறக்குறைய புரிந்துவிடும்.

உடம்பில் மார்பின் உடைந்து உண்டாகும் பொருட்கள் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்று வளர்ந்து சிறுநீர்க் குழாய்களை நெருக்கினால் அவை வெளியேறாமல் தேங்கும். 60 மி.கி. சாப்பிட்டாலும் உடம்புக்குள் அது அதைவிட அதிக அளவுபோல நடந்துகொள்ளும். தூக்கம், தசை வெட்டி இழுப்பது, இல்லாததைப் பார்ப்பது மூன்றும் அதன் அறிகுறிகள். வாந்தி பேதியால் உடம்பில் நீர் வற்றினாலும் இதேபோல நடக்கலாம்.

இந்த இடத்தில் வீட்டார் செய்யக்கூடிய பெரிய தவறு, இழுப்பையும் உளறலையும் வலி என்று நினைத்து எக்ஸ்ட்ரா கொடுப்பது. மருமகள் கொடுக்கவில்லை, நோட்டைப் பார்த்துப் போன் செய்தாள். டாக்டர் மெதுவாகக் கரையும் மாத்திரையை அன்றே நிறுத்தினார். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் கூடியிருந்தது, அதாவது சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை. வலி வந்தால் மட்டும் சாதாரண மாத்திரை 5 மி.கி., குறைந்தது எட்டு மணி நேர இடைவெளியில் என்று மாற்றினார். இரண்டு நாளில் எறும்புகள் போய்விட்டன, கை இழுப்பது நின்றது. வலி மறுபடி ஐந்து ரூபாய்க்கு ஏறியதும், சிறுநீரகத்தை அவ்வளவாகச் சார்ந்திராத ஃபென்டனில் என்ற வலி மருந்துப் பட்டையைத் தோலில் ஒட்டும்படி மாற்றினார்கள்.

சர்க்கரை ஏறி இறங்குவது, காய்ச்சல், ரத்தத்தில் கால்சியம் கூடுவது, புதிதாகச் சேர்த்த தூக்க மாத்திரை இவையும் இதே மாதிரி தூக்கத்தைக் கொடுக்கும். நான் போனில் முதலில் கேட்பது "புதுசா என்ன மாறிச்சு?" என்பதைத்தான். வலியே சட்டென்று குறைந்திருந்தாலும் அதே அளவு அதிகமாகிவிடும். கதிர்வீச்சு முடிந்த வாரங்களில் அளவை இறக்க வேண்டியிருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

மீதி மாத்திரை

பட்டைக்கு மாறியபோது பெட்டியில் மெதுவாகக் கரையும் மாத்திரை 14, சாதாரண மாத்திரை 9 மீதியிருந்தன. பக்கத்துத் தெருவில் இன்னொருவருக்கு வலி என்று கேட்டார்கள். கொடுக்கக்கூடாது. அவருடைய சிறுநீரகம் எப்படி, அவர் என்னென்ன சாப்பிடுகிறார் என்று நமக்கு எதுவும் தெரியாது, சட்டமும் அனுமதிக்காது. குப்பையிலும் போடாமல் வாங்கிய மையத்திலேயே திருப்பிக் கொடுங்கள். மருமகள் 23 மாத்திரையையும் எண்ணி ஒரு காகித உறையில் போட்டு, நோட்டின் அந்தப் பக்கத்தில் எழுதி, மையத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தாள்.